கணக்குல காசு இருக்கு, ஆனா ஆப் காசு எடுக்க மாட்டேங்குது: ஹட்டன்ல எனக்கு நடந்தது

நான் ஹட்டன் டவுன்ல சின்னதா ஒரு ஸ்டூடியோ வச்சிருக்கேன், கல்யாணம், பெரியபுள்ள சடங்கு, கோயில் திருவிழான்னு சுத்துவட்டாரத்துல எல்லா தோட்டத்துக்கும் போய் படம் எடுக்கிறது தான் தொழில். எடுக்கிற படம் எல்லாத்தையும் ரெண்டு எடத்துல வைப்பேன், ஒன்னு ஹார்ட் டிஸ்க், இன்னொன்னு மாசம் 9.99 டாலர் கட்டி வச்சிருக்கிற ஒரு கிளவுட் ஸ்டோரேஜ் ஆப். இங்க மழைக்கும் ஈரத்துக்கும் ஹார்ட் டிஸ்க் எப்ப சாகும்னு சொல்ல முடியாது, ஒருக்கா ஒரு கல்யாண வீட்டு படம் மொத்தமும் போய் அந்த பொண்ணு வீட்டுக்கு நான் பதில் சொல்ல முடியாம நின்னிருக்கேன். அதனால அந்த கிளவுட் எனக்கு ஆடம்பரம் இல்ல.

பதினாலு மாசம் ஒரு பிரச்சினையும் இல்லாம டெபிட் கார்ட்ல இருந்து மாசா மாசம் 3,100 ரூவா சொச்சம் போயிட்டே இருந்திச்சு. அப்புறம் வருஷத்துக்கு ஒரேயடியா கட்டினா 99.99 டாலர், கிட்டத்தட்ட ரெண்டு மாச காசு மிச்சம்னு ஆப்ல காட்டவும் நான் வருஷ பிளானுக்கு மாத்தினேன். அடுத்த பில் வர்ற நாள்ல இருந்து தான் புது பிளான் ஆரம்பிக்கும்னு போட்டிருந்திச்சு. அந்த நாள் வந்திச்சு, காலையில எழும்பி போன பாத்தா "Payment failed. Update your payment method"னு நிக்குது.

ஒடனே பேங்க் ஆப்ப தொறந்து பாத்தேன். 74,650 ரூவா கெடக்கு. 31,000 ரூவா சொச்சம் தான் எடுக்கணும், ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு. எல்லாரும் செய்ற தப்ப அன்னைக்கு ராத்திரி நானும் செஞ்சேன், "Try again"அ அமத்தினேன், "Your card was declined"னு வந்திச்சு, திரும்ப அமத்தினேன், திரும்ப அதே. கார்ட அழிச்சிட்டு புதுசா நம்பர் அடிச்சு சேத்து பாத்தேன், அதுவும் இல்ல. படுக்கிறதுக்குள்ள அஞ்சாறு தடவை இருக்கும். கடைசியில அதே கார்ட்ல போனுக்கு 200 ரூவா ரீலோட் போட பாத்தா அதுவும் போகல. காலையில வரைக்கும் ரீலோட் நல்லா போன கார்ட் அது.

அடுத்த நாள் ஏடிஎம்ல 2,000 ரூவா எடுத்தேன், வந்திச்சு. கார்ட்ட தேச்சு ஒரு கடையில சாமான் வாங்கினேன், அதுவும் போச்சு. அப்ப கார்டும் உயிரோட இருக்கு, காசும் இருக்கு, ஆன்லைன் கதவு மட்டும் மூடியிருக்குன்னு வெளங்கிச்சு. இது ஒரு நல்ல சோதனை, செலவு இல்லாம செஞ்சு பாக்கலாம். மூனும் வேல செய்யலன்னா கார்டே நிப்பாட்டியிருக்கு, ஏடிஎம் வேல செஞ்சு ஆன்லைன் மட்டும் வேல செய்யலன்னா பெலன்ஸ பாத்துக்கிட்டு இருக்கிறதுல பிரயோசனமே இல்ல, அது வேற எடத்துல இருக்கிற கோளாறு.

நேரா பேங்க் கிளைக்கு போனேன். கவுன்டர்ல இருந்த மிஸ் ரொம்ப பொறுமையா ஸ்கிரீன என் பக்கம் திருப்பி காட்டினாங்க. ஒரே கார்டுக்கு மூனு லிமிட் போட்டிருக்கு. ஏடிஎம்ல ஒரு நாளைக்கு எடுக்கிறதுக்கு ஒன்னு, கடையில தேய்க்கிறதுக்கு ஒன்னு, இன்டர்நெட்டுக்கு ஒன்னு. என்னோட இன்டர்நெட் லிமிட் நாளைக்கு 25,000 ரூவா. கார்ட் எடுத்தப்ப அவங்களே போட்டு குடுத்த அளவு, நான் ஒரு நாளும் அத பாத்ததே இல்ல. மாசம் 3,100 போனப்ப அந்த வேலி எங்க இருக்குன்னே தெரியல, 99.99 டாலர்னு வரவும் தான் அதுல போய் முட்டியிருக்கு.

கணக்கு இப்பிடி தான். ஆப்ல காட்டுறது டாலர். பேங்க் அத ரூவாயாக்கும் போது பேப்பர்ல வர்ற டாலர் வெலைய எடுக்காது, கார்டுக்குன்னு ஒரு ரேட், அதோட வெளிநாட்டு கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு கட்டணம், எல்லாம் சேத்து அந்த நேரம் எனக்கு டாலர் ஒன்னு 312 ரூவா கிட்ட விழுந்திச்சு. 99.99ஐ 312ஆல பெருக்கினா 31,197. லிமிட் 25,000. கணக்குல 74,650 இருந்தா என்ன, ஏழு லட்சம் இருந்தா என்ன, அந்த கார்ட்ல அன்னைக்கு ஆன்லைன்ல 25,000க்கு மேல ஒரு சதமும் போகாது. இன்னொன்னும் யோசிச்சு பாருங்க, 2022ல டாலர் 200ல இருந்து 360 தாண்டி போனப்ப, 99.99 டாலர் பில் ஒன்னு 20,000ல இருந்து 36,000 ஆயிருக்கும், ஆப்காரன் வெலைய கூட்டவே இல்லாம. அதனால ரூவா லிமிட்ட டாலர் பில்லுக்கு ஒட்டினாப்ல வச்சிருந்தா ஒரு நாள் தானா முட்டும். நான் இப்ப பில் கட்டுறதுக்கு லிமிட்ட கூட்டும்போது பில்லுக்கு மேல ஒரு கால்வாசி கூட இருக்கிற மாதிரி தான் கூட்டுறேன்.

சரி, அப்ப 200 ரூவா ரீலோட் ஏன் போகல? அது 25,000க்குள்ள தானே. இத தான் நான் மிஸ்கிட்ட கேட்டேன். அதுக்கு அவங்களுக்கு கிளையில இருந்து பதில் பாக்க முடியல, கார்ட் பிரிவுக்கு போன் போட்டு குடுத்தாங்க. அங்க ஐடி நம்பர், பொறந்த தேதி, கடைசியா எடுத்த காசு எவ்வளவுன்னு கேட்டுட்டு ஒவ்வொன்னா வாசிச்சாங்க. மொத தடவை விடியக்காலை 2.47க்கு, 31,000 சொச்சம், காரணம் லிமிட் கூட. அதுக்கு பிறகு ராத்திரி வரிசையா அதே தொகை, அதே காரணம். நாலாவதுக்கு மேல காரணம் மாறிடுச்சு, சந்தேகத்துக்கு இடமான முயற்சின்னு சிஸ்டம் தானாவே கார்டோட ஆன்லைன் பக்கத்த பூட்டிருச்சு. அதாவது, வெளிநாட்டு கம்பனி ஒன்னு ஒரே பெரிய தொகைய கொஞ்ச நேரத்துக்குள்ள திரும்ப திரும்ப கேக்குது, நடுவுல கார்ட அழிச்சு திரும்ப சேக்குறாங்க, இது திருடின கார்ட் நம்பர ஒருத்தன் சோதிச்சு பாக்கிற மாதிரியே தெரியும் அவங்க மெஷினுக்கு. பூட்டினது நியாயம் தான். நான் ஒரு தடவையோட நிப்பாட்டியிருந்தா லிமிட்ட கூட்டினதோட வேல முடிஞ்சிருக்கும், அமத்தி அமத்தி ஒரு பிரச்சினைய ரெண்டாக்கிட்டேன்.

அதனால நான் யாருக்கும் சொல்றது, மொத தடவை போகலன்னா இன்னொரு தடவை வேணும்னா பாருங்க, மூனாவது தடவை அமத்தாதீங்க. ஆப் ஒங்களுக்கு காரணத்த சொல்லாது. பேங்க் ஒரு சின்ன கோட் நம்பர் அனுப்பும், 51னா காசு பத்தல, 54னா கார்ட் காலாவதி, 61னா லிமிட் தாண்டிருச்சு, 05னா காரணம் சொல்லாம மறுத்திட்டோம்னு அர்த்தம். ஆனா அந்த நம்பர் ஆப்புக்கும் பேங்குக்கும் நடுவுல நின்னு காசு வாங்கி குடுக்கிற கம்பனியோட நின்னுரும், நம்ம ஸ்கிரீனுக்கு வரும்போது எல்லாமே ஒரே வசனம் தான், கார்ட் மறுக்கப்பட்டதுன்னு. நெச காரணம் பேங்க்கிட்ட தான் இருக்கு. அதனால போன் பண்ணும்போது "ஏன் வேல செய்யல"ன்னு கேக்காம "இத்தனாம் தேதி, இத்தன மணிக்கு, இவ்வளவு டாலருக்கு வந்தத என்ன காரணத்துக்கு மறுத்தீங்க, ஒங்க ஸ்கிரீன்ல என்ன போட்டிருக்கு"ன்னு கேளுங்க. நான் மொதல்ல பொதுவா கேட்டப்ப "பெலன்ஸ் இருக்கான்னு பாருங்க சேர்"னு தான் சொன்னாங்க, தேதியும் தொகையும் சொன்ன பிறகு தான் பட்டியல தொறந்தாங்க.

இன்னொரு விஷயம் அந்த போன்லயே வெளிய வந்திச்சு. "ஒவ்வொரு தடவையும் ஒங்களுக்கு எஸ்எம்எஸ் போயிருக்கே சேர்"னாங்க. எனக்கு ஒன்னும் வரலன்னேன். பதிஞ்சிருக்கிற நம்பரோட கடைசி ரெண்டு இலக்கத்த சொன்னாங்க, அது என்னோட பழைய சிம். நான் வேற சிம்முக்கு மாறினப்ப பழசு அம்மாவோட பட்டன் போனுக்கு போயிருச்சு, அம்மா நோர்வூட் பக்கம் தோட்டத்து லயத்துல. அன்னைக்கே அம்மாவுக்கு எடுத்து கேட்டா, "ஆமாப்பா, விடியக்காலையில ஒன்னு, ராத்திரி நாலஞ்சுன்னு டிங் டிங்னு வந்திச்சு, இங்கிலிஷ்ல இருக்கு, கம்பனிக்காரன் அனுப்புற வெளம்பரம்னு விட்டுட்டேன்"னாங்க. பக்கத்து வீட்டு பிள்ளைய வாசிக்க சொன்னேன். மொதல்ல வந்த ஒவ்வொன்னுலயும் தெளிவா போட்டிருக்கு, லிமிட் தாண்டிருச்சுன்னு. ஹட்டன்ல நான் ரெண்டு நாளா தேடின பதில் முழுக்க அம்மாவோட முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த போன்ல கெடந்திருக்கு.

அப்பவே கிளையில ஃபாரம் நெரப்பி, ஐடி காட்டி நம்பர மாத்தினேன். இது மறுத்த மெசேஜ்க்கு மட்டும் இல்ல, ஓடிபியும் அந்த நம்பருக்கு தான் போகும். அம்மாகிட்ட இருந்ததால தப்பிச்சேன், ரீலோட் போடாம விட்ட சிம் நம்பர கம்பனி வேற ஒருத்தருக்கு குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே பயமா இருக்கு.

கார்ட் பிரிவுல ஆன்லைன் பூட்ட தொறந்தாங்க, மிஸ் இன்டர்நெட் லிமிட்ட 40,000 ஆக்கி குடுத்தாங்க. இனி ஆப் தானா எடுத்துக்கும்னு நான் நிம்மதியா கடைக்கு போயிட்டேன். அங்க தான் அடுத்தது. ரெண்டு நாள் கழிச்சு விடியக்காலையில திரும்ப "Payment failed". இந்த தடவை எஸ்எம்எஸ் என் போனுக்கே வந்திச்சு, அதே காரணம், லிமிட்.

பேங்க் ஆப்ல கார்ட் பகுதிக்குள்ள போய் பாத்தா லிமிட் திரும்ப 25,000ல நிக்குது. மிஸ் போட்டது அன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் மட்டும் செல்லுபடியாகிற தற்காலிக கூட்டல். அத அவங்க சொல்லியும் இருக்காங்க, நான் தான் அதோட அர்த்தத்த யோசிக்கல. கடையில நாம கார்ட நீட்டினா அந்த நேரமே காசு போகும், மாசா மாசம் போற இந்த மாதிரி காசு அப்பிடி இல்ல, அத எப்ப கேக்கிறதுன்னு முடிவு பண்றது ஆப்காரன். ஒருக்கா போகலன்னா ரெண்டு மூனு நாள் விட்டு அவன் நேரத்துல திரும்ப கேப்பான், அது நமக்கு விடியக்காலையா இருக்கும். ஒரு நாளைக்கு கூட்டின லிமிட் அந்த நேரத்துல அங்க இருக்காது. அதனால ஒன்னு லிமிட்ட நிரந்தரமா கூட்டணும், இல்லன்னா தற்காலிகமா கூட்டின கையோட நாமளே ஆப்புக்குள்ள போய் பில்ல கட்டணும்.

நான் ரெண்டாவது வழிய எடுத்தேன், ஏன்னா இன்டர்நெட் லிமிட்ட எப்பவும் பெருசா தொறந்து வைக்க எனக்கு விருப்பம் இல்ல, கார்ட் நம்பர் எங்கயாவது கசிஞ்சா நஷ்டம் அந்த லிமிட் அளவுக்கு தான் இருக்கும், அந்த வேலி நமக்கும் காவல் தான். அன்னைக்கு சாயந்திரம் அம்மா வீட்ல இருந்தேன். பேங்க் ஆப்ல லிமிட்ட 40,000 ஆக்கினேன், கிளவுட் ஆப்ல போய் கட்டுன்னு அமத்தினேன், ஓடிபி கேட்டிச்சு. தானா எடுக்கிற நேரத்துல ஓடிபி கேக்காது, மொத தடவை கார்ட் சேக்கும்போது நாம குடுத்த சம்மதத்த வச்சு எடுப்பாங்க, நாமளே உள்ள போய் கட்டினா அனேகமா கேக்கும். லயத்துக்குள்ள சிக்னல் ஒரு கோடு வரும் போகும். வைஃபைல பக்கம் தொறந்திருக்கு, எஸ்எம்எஸ் மட்டும் வரல. ஸ்கிரீன்ல நேரம் கொறஞ்சுக்கிட்டே போய் முடிஞ்சிருச்சு, அதுக்கு பிறகு தான் கோட் வந்து விழுந்திச்சு.

இன்னொருக்கா அங்கயே அமத்தல. போன எடுத்துக்கிட்டு மேல கோயில் வளைவுக்கு நடந்தேன், அங்க நின்னா பக்கத்து மலை டவர் நேரா தெரியும், தோட்டத்துல எல்லாரும் போன் பேச அங்க தான் வருவாங்க. டேட்டாவ போட்டு, நாலு கோடு நிக்கிறத பாத்துட்டு ஒரே ஒரு தடவை கட்டுன்னு அமத்தினேன். கோட் பத்து செக்கன்ல வந்திச்சு. 31,260 ரூவா போச்சுன்னு எஸ்எம்எஸ், ஆப்ல பச்சை டிக். நான் போட்ட கணக்குல இருந்து 63 ரூவா வித்தியாசம், ரெண்டு நாள்ல ரேட் அசைஞ்சது. கீழ எறங்கும்போதே லிமிட்ட திரும்ப 25,000 ஆக்கிட்டேன்.

அந்த இடைப்பட்ட நாள்ல படம் ஒன்னும் அழியல. காசு போகலன்னாலும் ஒடனே வெட்ட மாட்டாங்க, கொஞ்ச நாள் தவணை குடுப்பாங்க, எத்தன நாள்னு அவங்க அனுப்புற ஈமெயில்ல இருக்கும், அத தேடி வாசிச்சு வச்சுக்கோங்க. எனக்கு புதுசா ஏத்துறது மட்டும் நின்னிருந்திச்சு, ஒரு சடங்கு வீட்டு படம் அது வரைக்கும் ஹார்ட் டிஸ்க்ல மட்டும் கெடந்தது தான் எனக்கு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்திச்சு.

போன வாரம் சித்தி மக தலவாக்கலையில இருந்து வந்தா, மகனோட இங்கிலிஷ் படிக்கிற ஆப்ல இதே மாதிரி, "காசு இருக்குண்ணே, போக மாட்டேங்குது"ன்னா. எத்தன தடவை அமத்தினன்னு கேட்டேன், ரெண்டுன்னா, நல்லதுன்னேன். பேங்க்ல இருந்து எஸ்எம்எஸ் வந்திச்சான்னு கேட்டேன், ஒன்னும் வரல, ஆனா அதே போனுக்கு நேத்து ஏடிஎம்ல எடுத்ததுக்கு வந்திருக்கு. அப்ப நம்பர் சரி, அனேகமா இது பேங்க்ல லிமிட்ல முட்டின கேஸ் இல்ல. பில்லும் மாசம் 1,500 ரூவா தான். ஒன் கார்ட எடுன்னேன். பேங்க்ல போன மாசம் தான் புது கார்ட் குடுத்திருக்காங்க, ஆப்புக்குள்ள போய் பாத்தா கார்டோட கடைசி நாலு இலக்கம் ஒன்னு, கையில இருக்கிறது வேற ஒன்னு. பழைய கார்ட் நம்பருக்கு தான் ஆப் இன்னமும் காசு கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. புது கார்ட சேத்தோம், அது சரியான்னு பாக்க ஒரு டாலர் அளவுக்கு பிடிச்சு வச்சிச்சு, "ஐயோ காசு எடுத்துட்டான்"னு பதறினா, அது சோதனைக்கு பிடிக்கிறது, தானா திரும்பிரும்னு சொன்னேன். அதுக்கு பிறகு பில் ஒரே தடவையில போச்சு. தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள வேல முடிஞ்சதுனால நாலரை பஸ்ஸுக்கே கெளம்பிட்டா.